ஓரதரும் ஓரமும்

அம்மா சுங்கைப் பட்டாணியிலிருந்து அழைத்தபோது இரவு ஒன்பது இருக்கும். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் அழைப்பார். அன்று புதன்.

“பாப்பா, ஒண்ணும் பயப்படாத. குக்கர்தான் கொஞ்சம் கோவிச்சிக்கிச்சு.”

விசில் வரவேயில்லையாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கலாம் என்று எழுந்திருக்கிறார். அதற்குள் மூடியிலிருந்த சேஃப்டி வால்வ் விட்டுக்கொடுத்து, ஆவியும் பருப்பும் சீறிக்கொண்டு கூரைவரை போயிருக்கிறது. அம்மா அடுப்பிலிருந்து நாலடி தள்ளி நின்றதால் தப்பித்தார். கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம். அவ்வளவுதான் சேதம்.

“விசில் வர்ற குழாய் அடைச்சிருக்கும்மா. அதப் பாக்கலையா நீங்க?”

“நீ எழுதுனதத்தான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். ஒவ்வொரு தடவையும் ஓரத்த நல்லா துடைச்சிட்டுத்தான் வெச்சேன்.”

“எந்த ஓரத்த?”

“அதான், ஓரத்த சோதிக்கணும்னு எழுதியிருந்தியே.”

நான் அப்படி எழுதவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்தது இது: ‘பயன்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஆவி வெளியேற்றும் ஓரதர் அடைப்பின்றி உள்ளதா எனச் சோதிக்கப்பட வேண்டும்.’

ஓரதர் என்றால் வால்வு. அதர் என்பது வழியைக் குறிக்கும் பழைய சொல். ஒரு பக்கம் மட்டும் வழிவிடுவது ஓரதர். கலைச்சொல் தொகுப்பில் அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. சங்கப் பாட்டில் காட்டுப் பாதையாகக் கிடந்த சொல் குக்கர் மூடியில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று. அம்மா அதை ‘ஓரம்’ என்று வாசித்தார். தெரியாத சொல்லைத் தாண்டிப் போகிறவர் அல்ல அவர், தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லாக மாற்றிக்கொண்டு அதன்படி ஒழுங்காக நடந்திருக்கிறார். பல வாரங்களாக எங்கள் வீட்டுக் குக்கரின் ஓரம் பளபளவென்று இருந்தது. குழாய்க்குள் பருப்புத் தோல் சேர்ந்துகொண்டே வந்தது.

*

சிங்கப்பூரில் ஓர் இணையக் கடைக்குத் தமிழ்ப் பொருள் விவரங்கள் எழுதுவது அப்போது என் வேலை. சமையல் பாத்திரம், மின்விசிறி, போர்வை, குழந்தைகளுக்கான சாமான்கள். ஆங்கிலப் பக்கம் ஏற்கெனவே இருக்கும், அதைத் தமிழில் தர வேண்டும். வாங்குகிறவர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். எழுதுகிறவர்கள் மூன்று பேர். நான், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த தம்பி ஒருவன், பகுதிநேரமாகப் பிழைதிருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை நாங்கள் ஐயா என்போம்.

மூன்று பேரும் மூன்று தமிழில் எழுதினோம். ஒரே குக்கருக்கு ஐயா திருத்திய வடிவம் இப்படி இருந்தது: ‘உயர்தரத் துருப்பிடிக்காத எஃகினால் தயாரிக்கப்பட்டுள்ள இவ்வழுத்தச் சமையற்கலன் இல்லத்தரசிகளின் தேவைகளைப் பூர்த்தி செய்யும் வண்ணம் வடிவமைக்கப்பட்டுள்ளது.’ தம்பி எழுதியது: ‘உங்க கிச்சனுக்கு செம ஸ்டைலான பிரஷர் குக்கர்! ஈஸியா குக் பண்ணுங்க, ஃபாஸ்டா சர்வ் பண்ணுங்க!’

முதலாவதைப் படித்தால் அரசாங்கக் கடிதம் வந்த மாதிரி இருக்கும். இரண்டாவதைப் படித்தால் யாரோ தோளில் கைபோட்ட மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை. குக்கர் எத்தனை லிட்டர், எத்தனை பேருக்குச் சோறு வைக்கலாம், இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா என்பது இரண்டிலும் இல்லை. செந்தமிழும் கொச்சையும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் தகவல் காணாமல் போயிருந்தது.

அம்மாவின் கூரையில் மஞ்சள் வட்டம் விழுந்த வாரம், மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு நடைக்கையேடு எழுதலாம் என்று நான்தான் கேட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், ‘ஒரே சீராக இருக்கணும்’ என்று மட்டும் சொன்னேன்.

*

முதல் சண்டை கடன்சொல் பற்றியது. எந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து அப்படியே வைத்துக்கொள்வது?

தம்பி சொன்னான்: “அக்கா, சாவி தமிழா? அலமாரி தமிழா? ரெண்டும் போர்த்துக்கீசு. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐயா இதுக்கும் சண்டை போட்டிருப்பாரு.”

அவன் சொன்னது சரிதான். அலமாரி இந்த ஊர் மலாய்க்கும் அதே கப்பலில்தான் வந்திறங்கியது. மலாய்க்காரர்கள் அல்மாரி என்கிறார்கள். அம்மா துவாலா என்பதும் அதே வழியில் வந்த சொல். ஐயா அமைதியாகக் கேட்டுவிட்டு, “நீங்க மாடி ஏற எதுல போறீங்க தம்பி?” என்றார்.

“லிஃப்ட்ல.”

“இந்த ஊர்ப் பிள்ளைங்ககிட்ட மின்தூக்கின்னு சொல்லிப் பாருங்க. புரியும். ஏன்னா அறிவிப்புல, செய்தியில, பாடப்புத்தகத்துல அந்தச் சொல் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. புதுச்சொல் நிக்காதுன்னு இல்ல. அது நிக்கிறதுக்கு ஓர் இடம் வேணும்.”

அவர் சொன்னதும் சரிதான். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊரில் மின்தூக்கிக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. வீட்டில் லிஃப்ட் என்று சொல்கிறவர்களும் மின்தூக்கி என்று எழுதியிருந்தால் தடுமாறுவதில்லை. ஓரதருக்கு அப்படி ஓர் இடம் அம்மாவின் வாழ்க்கையில் எங்கேயும் இல்லை. அவர் அதை வாழ்க்கையில் முதல்முறை சந்தித்ததே, கொதிக்கிற குக்கருக்குப் பக்கத்தில் நான் எழுதிய எச்சரிக்கையில்தான்.

அந்த வாரக் கடைசியில் தேக்காவுக்குப் போய், பாத்திரக் கடை ஒன்றில் உதிரிபாகம் விற்கிறவரிடம் நின்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். “ஓரதர்?” முழித்தார். “வால்வ்?” “சேஃப்டி வால்வா? எந்தக் குக்கருக்கு?” என்று டப்பாவைத் திறந்தார். “அடைப்பு வளையம்?” “கேஸ்கட்டா?” “லிட்?” இதற்கும் முழித்தார். “மூடியா? மூடி தனியா வராதும்மா.”

கடைசிப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. கலைச்சொல் மட்டும் அங்கே தோற்கவில்லை, தேவையில்லாமல் நுழைத்த ஆங்கிலச் சொல்லும் தோற்றது. மூடி, கைப்பிடி, அடி, ஆவி, தீ எல்லாம் கடைக்காரர் வாயிலும் அம்மா வாயிலும் உயிரோடு இருக்கிற சொற்கள். அவற்றின் இடத்தில் லிட், ஹேண்டில், ஸ்டீம் என்று எழுத எந்த நியாயமும் இல்லை. கேஸ்கட், வால்வ், இண்டக்‌ஷன் போன்றவை பொருளோடு சேர்ந்து வந்த பெயர்கள். அவற்றை மாற்றினால் வாங்குகிறவர் தேடவும் முடியாது, கடையில் போய்க் கேட்கவும் முடியாது.

ஆகவே கையேட்டின் முதல் விதி இப்படி அமைந்தது. கடையில் போய் எந்தப் பெயரைச் சொன்னால் அந்தச் சாமான் கையில் கிடைக்குமோ அந்தப் பெயரை எழுது. அது தமிழானால் தமிழ், கடன்சொல்லானால் கடன்சொல்.

எவர்சில்வர் இந்த விதிக்கு நல்ல சோதனை. ஆங்கிலப் பக்கத்தில் அந்தச் சொல்லே இருக்காது, அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆங்கிலம் மாதிரி ஒலித்தாலும் எவர்சில்வர் நம் வீடுகளின் சொல். ஐயா துருப்பிடிக்காத எஃகு கேட்டார், தம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டான். தலைப்பில் எவர்சில்வர், கீழே விவரப் பட்டியலில் துருப்பிடிக்காத எஃகு, தரக்குறி பொறித்திருப்பது போலவே SUS304 என்று முடிவானது. தலைப்பு, தேடி வருகிறவருக்கு. பட்டியல், சரிபார்க்கிறவருக்கு. ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது விதி ஐயாவுடையது. “பெயர் வரட்டும். வினையும் அடையும் வர வேண்டாம்.” குக்கர் வரலாம், ‘குக் பண்ணுங்க’ வேண்டாம். சமைக்கிறதும் கழுவுகிறதும் நாம் தினமும் செய்வது, அவற்றுக்குப் பெயர் இரவல் வாங்க வேண்டியதில்லை. முதலில் இதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ‘கிளீன் பண்ணுங்க’ என்பதைக் கொஞ்சம் மரியாதையான நடைக்கு மாற்றினால் ‘கிளீன் பண்ணுங்கள்’ ஆகிறது. பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை, சட்டைக்கு மேல் பனியன் போட்ட மாதிரி நிற்கிறது. ‘கழுவுங்கள்’ எந்த நடையிலும் நேராக நிற்கும். செம, ஸ்டைலான, பெர்ஃபெக்ட் போன்ற அடைகளை எடுத்துவிட்டுப் பார்த்தபோது விவரத்தில் ஒன்றும் குறையவில்லை. அவை எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடன்சொல்லை எடுத்துக்கொண்டால் அதைத் தமிழ் இலக்கணத்துக்குள் ஒழுங்காகக் குடியேற்றவும் வேண்டும். பிளாஸ்டிக் என்பதோடு ‘ஆல்’ சேர்த்தால் ‘பிளாஸ்டிக்கால்’. சிலர் ‘பிளாஸ்டிகால்’ என்று எழுதுகிறார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக நிற்கிற ககரத்தைத் தமிழ் நாக்கு மெல்லியதாகத்தான் ஒலிக்கும். வல்லினம் இரட்டித்தால்தான் மூலச் சொல்லின் ஓசை நிற்கும். கப்பில், செட்டில் எல்லாம் அப்படித்தான். சின்ன விஷயம்தான். ஆனால் இதைப் பார்த்தே எழுதியவர் வாய்விட்டு வாசித்துப் பார்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். அப்படி வாசித்துப் பார்க்காமல் போனதில் எங்கள் பக்கத்தில் ‘12 துண்டுகள் கொண்ட தட்டு செட்’ ஒன்று இரண்டு நாள் விற்பனையில் இருந்தது. பன்னிரண்டு துண்டாக உடைந்த தட்டை யார் வாங்குவார்? இப்போது ‘12 பாத்திரங்கள் கொண்ட செட்’.

*

இரண்டாவது சண்டை வினைமுற்று பற்றியது. வாசகரை எப்படி ஏவுவது? போடுங்க, போடுங்கள், போடவும், போட வேண்டும், போடப்பட வேண்டும். தமிழில் ஒரே காரியத்துக்கு இத்தனை கதவுகள்.

‘போடவும்’ அறிவிப்புப் பலகைத் தமிழ். சுருக்கமானது, யாரையும் பார்த்துப் பேசாது. டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டில் இடம் குறைவு, அங்கே அது பொருத்தம். ஆனால் ஐந்தாறு படிகளை வரிசையாக ‘ஊற்றவும், மூடவும், வைக்கவும், அணைக்கவும்’ என்று சொன்னால் வாசிக்கிறவர் காதில் ஏதோ அலுவலக மணி அடிக்கிறது. ‘போடப்பட வேண்டும்’ இன்னும் மோசம். யார் போடுவது என்றே அதில் இல்லை. நான் எழுதிய ‘சோதிக்கப்பட வேண்டும்’ அப்படிப்பட்டதுதான். அந்த வாக்கியத்தில் அம்மா இல்லவே இல்லை. யாரோ, எப்போதோ, எதையோ சோதிப்பார்கள்.

தம்பி ‘போடுங்க’ வேண்டும் என்றான். அது வீட்டுப் பேச்சு, நெருக்கமானது. சிக்கல் என்னவென்றால், பேச்சுத் தமிழுக்கு ஒப்புக்கொண்ட ஓர் எழுத்து வடிவம் கிடையாது. ‘வெச்சிருங்க’ என்பானா, ‘வச்சிடுங்க’ என்பானா? கோயம்புத்தூர்ப் பேச்சா, சுங்கைப் பட்டாணிப் பேச்சா? எழுத்தில் போட்டதும் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘போடுங்கள்’ எந்த ஊருக்கும் சொந்தமில்லை. வாசிக்கிறவர் தன் வாயில் அதைப் ‘போடுங்க’ ஆக்கிக்கொள்வார். தாள்தான் எழுத்துத் தமிழ், குரல் அவருடையது. விவரமும் செய்முறையும் ‘-ங்கள்’, ஒட்டுச் சீட்டு ‘-வும்’, விளம்பரத்தின் மேல்வரியில் மட்டும் வேண்டுமானால் ‘-ங்க’ என்று எழுதினோம். தம்பிக்கு ஒரு வரி கிடைத்தது.

எச்சரிக்கை எழுதும்போதுதான் உண்மையான ஆபத்தைக் கண்டுபிடித்தோம். தமிழில் ‘இல்லை’ வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. செய்யச் சொல்கிறோமா, செய்யாதே என்கிறோமா என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. கைபேசியில் பொருள் விவரம் முதலில் ஒரு குறிப்பிட்ட நீளம்தான் தெரியும், மிச்சம் ‘மேலும்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். அந்த நீளம் ஆங்கிலத்தை மனதில் வைத்து அளந்தது. குக்கர் என்பது நமக்கு நாலெழுத்து, கணினி அதை ஏழாக எண்ணும். கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் தமிழ் சீக்கிரமே வெட்டுப்படும். எங்கள் குக்கர் பக்கத்தைக் கைபேசியில் திறந்து பார்த்தேன்:

‘எச்சரிக்கை: ஆவி அடங்குவதற்கு முன்பாக மூடியை வலுவாகத் திறக்க…’

‘வேண்டாம்’ உள்ளே இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஐயா, “தூய தமிழா கலப்புத் தமிழான்னு இத்தனை நாள் அடிச்சிக்கிட்டோம். இதுல ரெண்டுமே குத்தம் செய்யல. வாக்கியம் நீளம், அவ்வளவுதான்” என்றார்.

மூன்றாவது விதி அதனால் வந்தது. எச்சரிக்கை ஒரே மூச்சில் முடிய வேண்டும், மறுப்பு வினைக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘திறக்க வேண்டாம்’ என்பதில் மறுப்பு தனிச்சொல், வெட்டினால் உதிர்ந்துவிடும். மென்மையான வேண்டுகோள் மாதிரியும் ஒலிக்கும். ‘திறக்காதீர்கள்’ என்பதில் ‘திறக்கா’ என்னும்போதே செய்தி வந்துவிடுகிறது. ‘ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.’ நான்கு சொற்கள். இதை விவரத்தின் முதல் வரிகளிலேயே வைக்கிறோம். ‘-லாம்’ என்பதை அனுமதிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், எச்சரிக்கையில் அதற்கு இடமில்லை.

*

ஓரதர் மட்டும் பாக்கியிருந்தது. கடை விதிப்படி அதை வால்வ் என்று மாற்றியிருக்கலாம். ஆனால் மூடியில் இரண்டு இருக்கின்றன. ஒன்று சேஃப்டி வால்வ். மற்றொன்று வெயிட் உட்காரும் சின்னக் குழாய், அதன் வழியாகத்தான் ஒவ்வொரு விசிலும் வெளியேறுகிறது. தினமும் பார்க்க வேண்டியது இரண்டாவதை. வால்வ் என்று எழுதினால் அம்மா இந்த முறை தப்பான வால்வைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் மூன்றாவது வழி ஒன்று தென்பட்டது. கலைச்சொல்லும் வேண்டாம், கடன்சொல்லும் வேண்டாம். அது எங்கே இருக்கிறது, என்ன செய்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். குக்கர் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதினேன்:

‘5 லிட்டர் எவர்சில்வர் பிரஷர் குக்கர். நான்கைந்து பேருக்குச் சோறு வைக்கலாம். கேஸ் அடுப்பிலும் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம். ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வெயிட் உட்காரும் சின்னக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குச்சியால் அடைப்பை எடுத்துக் கழுவுங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கேஸ்கட் ரப்பர் விறைத்துப்போனால் மாற்றுங்கள்.’

ஐயா ஒரேயொரு சந்தியைத் திருத்திவிட்டுத் தந்தார். ‘அழுத்தச் சமையற்கலன்’ போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். “விறைத்துப்போனால். நல்ல சொல்லும்மா.” தம்பியும் நானும் ‘ஹார்டாகிவிட்டால்’, ‘கடினத்தன்மை அடைந்தால்’ இரண்டையும் யோசித்து அடித்த பிறகு, அம்மா சொன்னதிலிருந்து கிடைத்த சொல் அது என்று அவரிடம் சொல்லவில்லை.

வெளியிடுவதற்கு முன்னால் அம்மாவை அழைத்து வாசித்துக் காட்டினேன். இந்தமுறை காரணத்தையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்சம் அமைதி. “அப்ப அது ஓரம் இல்லையா?” என்றார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இப்பப் புரியுதாம்மா?”

“புரியுது. ஆனா வெயிட்டுன்னு எழுதியிருக்கியே, அது விசில்தானே? விசிலத் தொலைச்சிட்டேன், விசில் வாங்கிட்டு வான்னுதானே உங்க அப்பாகிட்ட சொல்லுவேன்.”

உண்மைதான். எங்கள் வீட்டில் பொருளும் விசில், சத்தமும் விசில். ஆனால் இரண்டையும் விசில் என்று எழுதினால், ‘மூன்று விசில் வந்ததும் விசிலைத் தொடாதீர்கள்’ என்றாகிவிடும். வீட்டில் அது குழப்பாது, பேசுகிறவர் கையை நீட்டிக் காட்டுவார். தாளுக்குக் கை கிடையாது. கடைசியில் முதல்முறை வரும்போது ‘மூடியின் மேல் வைக்கும் வெயிட்’ என்று இடத்தையும் சேர்த்து எழுதினேன். சத்தத்துக்கு மட்டும் விசில். அம்மாவுக்கு அதில் முழுத் திருப்தியில்லை. “சரி, நீ படிச்சவ” என்று விட்டுவிட்டார்.

கையேடு இப்போது ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் கடை விதி, இரண்டாவதில் ஐயாவின் விதி. கடைசிப் பக்கத்தில் எங்களைத் தவிர யாருக்கும் புரியாத ஒரு வரி இருக்கிறது: ‘எச்சரிக்கைகளை வெளியிடுமுன் சுங்கைப் பட்டாணிக்கு வாசித்துக் காட்டவும்.’ ‘காட்டுங்கள்’ என்று மாற்றலாமே என்றான் தம்பி. இது ஒட்டுச் சீட்டு, அப்படியே இருக்கட்டும் என்றேன்.